முதல் மூன்று நற்செய்தி நூல்களுக்கு இடையே உள்ள உறவும், யாரும் பார்த்திராத 'கியூ'வும்

கேள்வி: மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஒரே இயேசுவைப் பற்றித்தானே எழுதினார்கள்? அப்படியிருக்க, ஒத்துப்போவதில் என்ன வியப்பு? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று அறிஞர்கள் ஏன் சொல்கிறார்கள்? 'கியூ' என்று ஒரு நூல் இருந்ததாகவும் சொல்கிறார்களே, அதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, யாரும் பார்த்ததில்லை. கியூவின் ஒரு கிழிந்த தாள்கூடக் கிடைத்ததில்லை. பழைய திருச்சபைத் தந்தையர் எவரும் அப்படியொரு நூலைத் தெளிவாகக் குறிப்பிட்டதும் இல்லை. இருந்தும் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கிறார்கள். அதற்கான காரணம் உங்கள் முதல் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவர் எழுதினால் செய்தி ஒத்துப்போகும், சொற்கள் ஒத்துப்போகா. இயேசுவும் அவருடைய சீடர்களும் பேசியது அரமேய மொழி. நம் கையில் இருக்கும் மூன்று நூல்களும் கிரேக்கத்தில் உள்ளவை. ஓர் அரமேயப் பேச்சை இருவர் தனித்தனியே கிரேக்கத்தில் சொன்னால், சொல் தேர்விலும் வாக்கிய அமைப்பிலும் வேறுபாடுகள் நிறைந்திருக்க வேண்டும். நாம் காண்பது அதற்கு நேர்மாறானது.

மத்தேயு 3:7-10ஐயும் லூக்கா 3:7-9ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். "விரியன்பாம்புக் குட்டிகளே, வருங்கோபத்துக்குத் தப்பித்துக்கொள்ள உங்களுக்கு வகைகாட்டினவன் யார்?" என்று தொடங்கும் யோவான்ஸ்நானனின் கடுமையான பேச்சு அது. கிரேக்கத்தில் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள். அவற்றில் வேறுபாடு என்று காட்டக்கூடியவை மூன்றே இடங்கள்: மத்தேயு 'கனி' என்று ஒருமையில் சொல்வதை லூக்கா பன்மையில் சொல்கிறார், "நினையாதிருங்கள்" என்ற பொருளில் மத்தேயு எழுதிய இடத்தில் லூக்கா "தொடங்காதிருங்கள்" என்ற வினையைப் போடுகிறார், லூக்காவில் ஓர் 'உம்' கூடுதலாக இருக்கிறது. மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல், வரிசைக்கு வரிசை ஒன்றே. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேச்சு யாரை நோக்கிப் பேசப்பட்டது என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. மத்தேயுவில் கேட்டவர்கள் பரிசேயரும் சதுசேயரும், லூக்காவில் பொதுமக்கள். நேரில் கண்டவர்களின் நினைவு என்றால் எதிரே நின்றது யார் என்பது நினைவில் இருந்து, பேச்சின் சொற்கள் மங்கியிருக்க வேண்டும். இங்கே சொற்கள் அப்படியே இருக்க, கேட்டவர்கள் மாறிப்போனார்கள். எழுதிவைத்த ஒரு கிரேக்க உரை இருவர் கையிலும் இருந்தது, அதற்கு முன்னுரையை அவரவர் எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் இதற்கு எளிய விளக்கம்.

"அந்தக் காலத்து மக்கள் மனப்பாடம் செய்வதில் வல்லவர்கள் ஆயிற்றே, வாய்மொழியாக அப்படியே காத்திருக்கலாமே" என்று கேட்பார்கள். போதனைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் ஒற்றுமை போதனைகளோடு நிற்கவில்லை. எழுதியவர் இடையே சேர்த்த குறிப்புகளிலும் அது தொடர்கிறது. மாற்கு 13:14இல் பாழாக்கும் அருவருப்பைப் பற்றி இயேசு பேசிக்கொண்டிருக்கும்போது, வாக்கியத்தின் நடுவே "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்று ஒரு குறிப்பு வருகிறது. ஒலிவமலையில் உட்கார்ந்து நான்கு சீடரிடம் பேசுகிறவர் வாசிக்கிறவனை அழைக்க வேண்டியதில்லை. வாசகனைப் பார்த்து எழுத்தாளர் கண் சிமிட்டும் இடம் அது என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். மத்தேயு 24:15இலும் அதே பேச்சில், அதே இடத்தில் அதே குறிப்பு வருகிறது. வாய்மொழி மரபில் "வாசிக்கிறவன்" எங்கிருந்து வந்தான்?

ஆக, எழுத்து வழி உறவு உண்டு. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பது அடுத்த கேள்வி. பழைய மரபு மத்தேயுவையே முதல்வராக வைத்தது. மாற்கு மத்தேயுவைச் சுருக்கியவர் என்பது அகுஸ்தீனுவின் கருத்து. மூன்று நூல்களையும் பத்திகளாக அருகருகே அச்சிட்டுப் படிக்கும் வழக்கம் 1770களில் கிரீஸ்பாக் என்ற ஜெர்மானியரால் வேரூன்றியது. இம்மூன்றையும் 'ஒத்தமை நற்செய்திகள்' என்று அழைப்பது அப்படிச் சேர்த்துப் பார்த்ததால் வந்தது. பத்தி பத்தியாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு பழைய மரபு தாக்குப்பிடிக்கவில்லை. மாற்குவில் உள்ள ஏறத்தாழ 660 வசனங்களில் சுமார் 600க்கு இணையானது மத்தேயுவில் இருக்கிறது. பாதிக்கு மேல் லூக்காவிலும் இருக்கிறது. நிகழ்ச்சிகளின் வரிசையில் மத்தேயு மாற்குவை விட்டு விலகினால் லூக்கா மாற்குவோடு நிற்கிறார். லூக்கா விலகினால் மத்தேயு நிற்கிறார். இருவரும் சேர்ந்து ஒரே மாதிரி மாற்குவின் வரிசையை மீறுவது அரிது.

இந்த வரிசை வாதம் மாற்கு நடுவில் நிற்கிறார் என்பதை மட்டும் காட்டும். அவர் முதலில் எழுதினார் என்பதைத் தனியே நிறுவாது. இதைப் பல அறிமுக நூல்கள் கவனிப்பதில்லை. யார் முதல் என்பதை முடிவுசெய்ய வேறு வகைத் தடயம் வேண்டும். தேர்வில் பார்த்து எழுதியவனைப் பிடிக்கும் ஆசிரியர் சரியான விடைகளைப் பார்ப்பதில்லை. பார்த்து எழுதும்போது மட்டுமே நேரக்கூடிய பிழையைத் தேடுகிறார். அப்படி ஒன்று யோவான்ஸ்நானனின் மரணக் கதையில் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. உங்களிடம் உள்ள தமிழ் வேதாகமத்திலேயே சரிபார்க்கலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மாற்கு 6ஆம் அதிகாரத்தில் ஏரோது 'ராஜா'. உண்மையில் ஏரோது அந்திப்பா அரசன் அல்லன். கலிலேயாவையும் பெரேயாவையும் ரோமின் தயவில் ஆண்ட சிற்றதிபதி. மத்தேயுவுக்கு இது தெரியும். அவர் 14:1இல் "காற்பங்கு தேசாதிபதியாகிய ஏரோது" என்று சரியான பட்டத்தைப் போட்டுத் தொடங்குகிறார். ஆனால் எட்டு வசனம் தாண்டி 14:9இல் "ராஜா துக்கமடைந்தான்" என்று எழுதிவிடுகிறார். மாற்கு 6:26இல் உள்ள சொல் அது.

சரி, ராஜா ஏன் துக்கமடைய வேண்டும்? மாற்குவின் கதையில் காரணம் இருக்கிறது. யோவானைக் கொல்லத் துடித்தவள் ஏரோதியாள். ஏரோதோ, அவன் நீதிமான் என்று அறிந்து அஞ்சி, அவனைக் காப்பாற்றி வைத்திருந்தான்; அவன் பேச்சை விருப்பத்தோடு கேட்டான். அதனால்தான் அவள் மகள் வழியாகப் பொறிவைத்துத் தலையைக் கேட்டபோது அவன் வருந்தினான். மத்தேயு கதையைச் சுருக்கும்போது இந்தப் பகுதியை வெட்டிவிட்டு, ஏரோதே யோவானைக் கொல்ல மனதாயிருந்தான், மக்களுக்குப் பயந்து விட்டுவைத்தான் என்று 14:5இல் மாற்றிவிட்டார். கொல்ல நினைத்தவனுக்குத் தலை தட்டில் வருகிறது, அவன் துக்கப்படுகிறான்! காரணத்தை நீக்கிய பிறகும் விளைவு அப்படியே தங்கிவிட்டது.

இதே கதையில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. இந்த மரணக் கதையை மாற்கு சொல்வது முன்கதையாக. இயேசுவின் புகழைக் கேட்ட ஏரோது, "நான் தலைவெட்டின யோவான் எழுந்துவிட்டான்" என்கிறான். அப்போதுதான், முன்பு என்ன நடந்தது என்று கதை பின்னே போகிறது. யோவானின் சீடர்கள் உடலை அடக்கம்செய்வதோடு முன்கதை முடிகிறது. அடுத்த வசனத்தில் கதை நிகழ்காலத்துக்குத் திரும்பி, ஊழியத்துக்குப் போயிருந்த அப்போஸ்தலர்கள் வந்து இயேசுவிடம் தாங்கள் செய்தவற்றை அறிவிக்கிறார்கள். பிறகு படகேறி வனாந்தரமான இடத்துக்குப் போகிறார்கள். மத்தேயுவும் முன்கதையாகவே தொடங்குகிறார். ஆனால் முடிக்கும்போது, அடக்கம்செய்த யோவானின் சீடர்களே போய் இயேசுவுக்கு அறிவிக்கிறார்கள். அதைக் கேட்டு இயேசு படகேறிப் போகிறார். முன்கதை திரும்பி வராமல் நேரே நிகழ்கதைக்குள் ஓடிவிட்டது. அப்படியானால், இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டு "யோவான் உயிர்த்துவிட்டான்" என்று ஏரோது சொன்னது யோவானின் சாவுச் செய்தி இயேசுவுக்கு எட்டும் முன்பா?

இந்தத் தடுமாற்றங்களைத் திருப்பிப்போட்டுப் பாருங்கள்: மத்தேயு முதலில், மாற்கு அவரைப் பார்த்து எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். மத்தேயுவில் பாதியில் தொங்கும் துக்கத்துக்கு மாற்கு பொருத்தமான காரணம் கண்டுபிடித்துச் சேர்த்து, முன்கதையையும் சரியாக முடித்துவைத்தார் என்று சொல்ல வேண்டியிருக்கும். முடியாதது அல்ல. ஆனால் 'காற்பங்கு தேசாதிபதி' 'ராஜா' ஆனதற்கு அந்த வழியில் நல்ல விளக்கம் கிடைக்காது. பார்த்து எழுதுகிறவர் தொடக்கத்தில் கவனமாகத் திருத்தி, போகப்போக மூலத்தின் பிடிக்குள் நழுவுவதை மார்க் குட்ஏக்கர் என்ற ஆய்வாளர் 'பதிப்பாளரின் களைப்பு' என்கிறார். பொருத்தமான பெயர்.

இப்போது கியூ. மாற்குவில் இருந்து வந்தவற்றை மத்தேயுவிலும் லூக்காவிலும் கழித்துவிட்டால், இருவருக்கும் பொதுவாக இன்னும் ஏறத்தாழ 200 முதல் 235 வசனங்கள் மிஞ்சுகின்றன. மேலே பார்த்த யோவானின் பேச்சு அவற்றில் ஒன்று. இயேசுவின் சோதனைகள், பேறுபெற்றோர் பற்றிய வாக்குகள், பகைவரை நேசித்தல், கர்த்தருடைய ஜெபம், காட்டுப்புஷ்பங்கள், காணாமற்போன ஆடு, நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் ஆகியவையும் அதில் அடங்கும். பெரும்பாலும் பேச்சு, மிகக் குறைவாகவே நிகழ்ச்சி. மத்தேயுவும் லூக்காவும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றால், இதற்கு ஒரு பொது மூலம் இருந்திருக்க வேண்டும். மாற்குவும் இந்தப் பொது மூலமும் ஆகிய இரண்டையும் வைத்தே மத்தேயுவும் லூக்காவும் எழுதினார்கள் என்ற இரு மூலக் கருத்தை 1838இல் கிறிஸ்டியான் ஹெர்மன் வைஸ்ஸெ முன்வைத்தார். 1863இல் ஹோல்ட்ஸ்மன் அதை நிலைநிறுத்தினார். கியூ என்பது 'மூலம்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து, அவ்வளவுதான்.

இரண்டாவது மூலம் ஒன்று இருந்தது என்பதற்கு இரட்டிப்புகள் நல்ல சான்று. "உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் உள்ளதும் எடுக்கப்படும்" என்ற வாக்கு மாற்குவில் ஒரே முறை, 4:25இல் வருகிறது. மத்தேயுவில் அது இரண்டு முறை: ஒன்று மாற்குவின் உவமைப் பகுதியிலேயே (13:12), மற்றொன்று தாலந்து உவமையின் முடிவில் (25:29). லூக்காவிலும் அப்படியே இரண்டு முறை: 8:18இலும், தாலந்துக்கு இணையான ராத்தல் உவமையின் முடிவில் 19:26இலும். ஒரே வாக்கு மாற்குவிலும் கியூவிலும் இருந்து, அந்தந்த இடம் வந்தபோது இருவரும் எடுத்து எழுதினார்கள் என்றால் இது இயல்பாக விளங்கும்.

ஆனால் "ஒருவரையொருவர் அறியாதவர்கள்" என்ற நிபந்தனையில்தான் எல்லாம் தொங்குகிறது. லூக்கா மத்தேயுவையும் வாசித்திருந்தால் கியூ தேவையே இல்லை. 1955இல் ஆஸ்டின் ஃபேரர் என்ற ஆங்கில அறிஞர் இதைத்தான் வாதிட்டார். இன்று குட்ஏக்கர் வாதிடுகிறார். மாற்குவே முதல் என்பதில் அவர்களுக்கும் மறுப்பில்லை.

லூக்கா மத்தேயுவை அறியவில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வலுவானவையே. பிறப்புக் கதைகளில் மத்தேயுவில் சாஸ்திரிகள், லூக்காவில் மேய்ப்பர்கள், வம்சவரலாறுகளும் பொருந்தவில்லை. மத்தேயு 5 முதல் 7 வரை அழகாகக் கோத்துவைத்த மலைப்பிரசங்கம் லூக்காவில் ஒரு பகுதி 6ஆம் அதிகாரத்திலும், ஜெபம் 11இலும், புஷ்பங்கள் 12இலும், இடுக்கமான வாசல் 13இலும் சிதறிக் கிடக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலுவாகப் படுவது வேறொன்று: எது பழைய வடிவம் என்ற தராசு ஒரே பக்கம் சாயவில்லை. மத்தேயுவின் "ஆவியில் எளிமையுள்ளவர்கள்" என்பதைவிட லூக்காவின் வெறும் "தரித்திரர்" பழையதாகத் தோன்றுகிறது. லூக்காவின் ஜெபமும் குட்டையானது. வேறு இடங்களில் மத்தேயுவின் வடிவம் பழையதாகத் தெரிகிறது. லூக்கா மத்தேயுவைப் பார்த்து எழுதியிருந்தால் பழமை எப்போதும் மத்தேயு பக்கமே இருந்திருக்க வேண்டும்.

கியூவின் ஒரு வசனத்தை எப்படி மீட்டெடுக்கிறார்கள் என்று ஓர் இடத்தில் பார்ப்போம். பிசாசுகளைத் துரத்துவது பற்றிய வாக்கு மத்தேயு 12:28இல் "தேவனுடைய ஆவியினாலே" என்று இருக்கிறது. லூக்கா 11:20இல் "தேவனுடைய விரலினாலே". மூலத்தில் எது? லூக்கா தம் நூலெங்கும் ஆவியைப் பற்றி விருப்பத்தோடு பேசுகிறவர். மூலத்தில் 'ஆவி' என்று இருந்திருந்தால் அதை நீக்கிவிட்டு விரலைப் போட்டிருக்கமாட்டார் என்பது ஒரு வாதம். எனவே 'விரல்' மூலத்தில் இருந்தது, மத்தேயு அதை விளக்கமாக மாற்றினார் என்று பெரும்பாலோர் முடிவுசெய்கிறார்கள். மறுதரப்பு யாத்திராகமம் 8:19ஐக் காட்டும்: எகிப்திய மந்திரவாதிகள் "இது தேவனுடைய விரல்" என்கிறார்கள், லூக்கா அந்த எதிரொலியைத் தாமே சேர்த்திருக்கலாம் என்று. நான் 'விரல்' பக்கம். ஆனால் இதில் தீர்ப்பு எழுத்தாளரின் சுவை பற்றிய ஊகத்தில் நிற்கிறது என்பதை மறைக்கக்கூடாது. இப்படிச் சொல் சொல்லாக எடைபோட்டு ராபின்சன், ஹாஃப்மன், கிளாப்பன்போர்க் மூவரும் 2000இல் கியூவின் ஆய்வுப் பதிப்பையே வெளியிட்டார்கள். வரிசையை லூக்கா அதிகம் குலைக்கவில்லை என்ற கணிப்பில் அதன் வசனங்களுக்கு லூக்காவின் எண்களையே தருவது வழக்கம்.

இப்படிக் கிடைக்கும் உரையில் சிலுவை மரணமும் இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. வெறும் வாக்குகளை மட்டும் யாராவது நூலாக்குவார்களா என்று முன்பு கேட்டார்கள். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் காப்டிக் மொழியில் முழுமையாகக் கிடைத்த தோமா நற்செய்தி அந்த ஐயத்தைத் தீர்த்தது: 114 வாக்குகள், பாடுகளின் கதை இல்லை. அது கியூ அல்ல. அப்படி ஒரு நூல்வகை உண்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. சிலுவைக் கதை இல்லாததால், சிலுவைக்கு முக்கியத்துவம் தராத ஒரு 'கியூ சமூகம்' கலிலேயாவில் இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் கியூவுக்குள் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று பிரித்து, அவற்றின் காலவரிசையையும் சொல்கிறார்கள். இங்கே எனக்கு நம்பிக்கை குறைகிறது. ஏன் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது.

மாற்கு தொலைந்துபோய்விட்டதாக வைத்துக்கொண்டு, மத்தேயுவும் லூக்காவும் பொதுவாக வைத்திருப்பதை மட்டும் கொண்டு அதை மீட்டெடுத்துப் பாருங்கள். தானாய் முளைக்கும் விதையின் உவமை (4:26-29) கிடைக்காது. பெத்சாயிதாக் குருடன் இரண்டு கட்டமாகப் பார்வை பெற்றது (8:22-26) கிடைக்காது. கெத்செமனேயில் துப்பட்டியை விட்டுவிட்டு ஓடிய வாலிபனும் (14:51-52) கிடைக்கமாட்டான். இருவரும் இவற்றை விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விட்டவையோ இன்னும் பல. நம்மிடம் மாற்கு இருப்பதால்தான் என்ன விடுபட்டது என்று தெரிகிறது. கியூவுக்கு அந்த வசதி இல்லை. அதில் ஒன்று 'இல்லை' என்று சொல்லும் எந்த வாதமும், இருவரில் ஒருவராவது அதை எடுத்தெழுதாமல் விட்டிருக்கலாம் என்ற சாத்தியத்தைத் தாண்டி வரவேண்டும். பாடுகளின் கதையில் இருவரும் மாற்குவையே பின்பற்றினார்கள் என்றால், கியூவில் அப்படி ஏதும் இருந்ததா என்பதை நாம் எதைக் கொண்டு அறிவது?

கியூவை ஏற்பவர்களுக்கு உண்மையில் தொல்லை தரும் வசனம் ஒன்றும் அந்தப் பாடுகளின் கதையில்தான் இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன் இயேசுவை அடிக்கும்போது, மாற்கு 14:65இல் "தீர்க்கதரிசனம் சொல்" என்பதோடு நிற்கிறது. மத்தேயு 26:68உம் லூக்கா 22:64உம் அதற்குப் பின் "உன்னை அடித்தவன் யார்?" என்று சேர்க்கின்றன, கிரேக்கத்தில் ஒரே ஐந்து சொற்கள், ஒரே வரிசையில். கியூவில் பாடுகளின் கதை இல்லை என்றால் இந்த ஐந்து சொற்கள் இருவருக்கும் எங்கிருந்து கிடைத்தன? ஃபேரர் தரப்புக்கு இது எளிது: லூக்கா மத்தேயுவைப் பார்த்தார். மறுதரப்பில், மத்தேயுவில் இந்தச் சொற்கள் முதலில் இல்லை, பின்வந்த படியெடுப்பவர் லூக்காவிலிருந்து சேர்த்திருக்க வேண்டும் என்று 1924இல் ஸ்ட்ரீட்டர் என்ற ஆய்வாளர் சொன்னார். ஆனால் அதற்குக் கைப்பிரதிச் சான்று இல்லை. இருவருக்கும் பொதுவான வாய்மொழி மரபு என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இந்த இரு பதில்களும் முழு நிறைவு தரவில்லை. இருந்தும் பழமையின் தராசு இரண்டு பக்கமும் சாய்வதை ஃபேரர் தரப்பு இன்னும் திருப்தியாக விளக்கவில்லை என்பதால், கிரேக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பொது மூலம் இருந்தது என்ற அளவில் கியூவை ஏற்கிறேன்.